மாதம் 15,000 கட்டுப்படியாகுமா? மூன்று மாத ஸ்டேட்மென்ட் சொல்லும் பதில்

கேள்வி: கைக்கு வரும் சம்பளம் 62,000. சம்பளம் ஏறியதும் 15,000-ஐ தனியாக வைத்திருக்கும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். ஆனால் மாதக் கடைசியில் அதிலிருந்தே கொஞ்சம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. செலவில் ஒழுங்கில்லையா, அல்லது இலக்கே அதிகமா? மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிரெடிட் கார்டு விவரமும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஸ்டேட்மென்ட்டை எடுத்ததும் எல்லோரும் ஒவ்வொரு செலவையும் வகை பிரிக்க உட்காருவார்கள். இரண்டாவது பக்கத்திலேயே அலுத்துப்போகும். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். முதலில் தெரிய வேண்டியது, இந்த மூன்று மாதத்தில் உண்மையிலேயே எவ்வளவு மிஞ்சியது என்பது. அதற்கு ஒரு செலவைக்கூடப் படிக்க வேண்டாம், ஆரம்ப இருப்பும் முடிவு இருப்பும் போதும்.

ஆனால் மாதத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1-ஆம் தேதியிலிருந்து 30 வரை என்று வெட்டினால் கணக்கு கெட்டுவிடும். உங்கள் சம்பளம் வழக்கமாக 1-ஆம் தேதி வருகிறது; ஒரு மாதம் மட்டும் விடுமுறை காரணமாக முந்தைய மாதம் 30-ஆம் தேதியே ஏறியிருக்கிறது. காலண்டர்படி பார்த்தால் ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம், அடுத்த மாதத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் தேதியை விட்டுவிட்டு, சம்பளம் ஏறுவதற்கு முந்தைய வரியில் இருக்கும் இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சம்பளத்துக்கு முன்னால் தொடங்கி அடுத்த சம்பளத்துக்கு முன்னால் முடிந்தால் அது ஒரு மாதம்.

அப்படி வெட்டினால் உங்கள் முதன்மைக் கணக்கில் தொடக்கத்தில் 21,000 இருந்தது, மூன்று மாதம் கழித்து 31,600. அதாவது 10,600 கூடியிருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு மொத்தம் 45,000 போனது. ஆனால் இரண்டாம் மாதம் 6,000, மூன்றாம் மாதம் 11,000 என்று 17,000 திரும்பி வந்துவிட்டது. அங்கே நிஜமாக நின்றது 28,000 மட்டுமே. இரண்டையும் கூட்டினால் 38,600.

சரி, மாதம் 13,000-க்குக் கிட்டத்தட்ட வருகிறதே, இலக்கை ஒட்டித்தானே இருக்கிறேன் என்று தோன்றும். இங்கேதான் கார்டு நுழைகிறது. தொடக்கத்தில் கார்டில் கட்ட வேண்டிய பாக்கி 9,000, முடிவில் 14,600. அந்த 5,600-க்கு வாங்கியாகிவிட்டது, பணம்தான் இன்னும் கணக்கைவிட்டுப் போகவில்லை. அதைக் கழித்தால் 33,000. கார்டு பாக்கி என்று நான் சொல்வது பில்லில் அச்சான தொகையை அல்ல. அந்தத் தேதி வரை வாங்கிய, இன்னும் பில்லில் ஏறாததையும் சேர்த்து. அது கிடைக்காவிட்டால், அந்த மூன்று மாதத்தில் கார்டில் வாங்கியதைக் கூட்டி, கார்டுக்குக் கட்டியதைக் கழித்தாலும் அதே வித்தியாசம் வரும்.

இதே கணக்கை மாதம் மாதமாகப் போட்டேன். முதல் மாதம் 14,000, இரண்டாம் மாதம் 13,000, மூன்றாம் மாதம் 6,000. இரண்டாம் மாதத்தில் அலுவலகத்திலிருந்து 6,000 வந்திருக்கிறது. அது நீங்கள் முன்பே கைக்காசு போட்டுச் செய்த பயணச் செலவு திரும்பி வந்தது, வருமானமல்ல. அதை எடுத்துவிட்டால் அந்த மாதம் 7,000தான். மொத்தம் 27,000, சராசரி மாதம் 9,000.

மூன்றாம் மாதத்தில் லேப்டாப் பழுதுபார்க்க 7,500 போயிருக்கிறது. "அது ஒரு தடவை வந்த செலவு, அதைச் சேர்க்கக் கூடாது" என்று நீங்கள் குறித்து வைத்திருக்கிறீர்கள். நான் சேர்க்கிறேன். லேப்டாப் ஒரு தடவைதான் பழுதாகும், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த மூன்று மாதத்தில் பல்வலி வரும், அதற்கடுத்து வண்டி மக்கர் செய்யும். பெயர்தான் மாறுகிறது, தொகை ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருக்கிறது. எதிர்பாராமல் வரும் பணத்தை வெளியே வைக்கிறேன், எதிர்பாராமல் போகும் பணத்தை உள்ளே வைக்கிறேன். ஓரவஞ்சனைதான். ஆனால் இலக்கு ஓரிரு மாதத்தில் உடையாமலிருக்க இந்தப் பக்கம் சாய்வதே நல்லது.

அப்புறம், மூன்று மாத ஸ்டேட்மென்ட் காட்டவே காட்டாத ஒன்று உண்டு: வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். உங்கள் காப்பீட்டு பிரீமியம், வண்டி இன்சூரன்ஸ், மென்பொருள் சந்தா எதுவும் இந்த மூன்று மாதத்தில் விழவில்லை. அவற்றை மட்டும் தேட கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டில் பெரிய தொகைகளைத் துழாவுங்கள். நீங்கள் சொன்ன தொகைகளைக் கூட்டினால் வருடத்துக்கு 36,000, மாதத்துக்கு 3,000. ஆக 9,000-இல் உண்மையான சேமிப்பு 6,000.

இப்போதுதான் செலவைப் படிக்க வேண்டும். அதுவும் இரண்டே வகை: அடுத்த மாதம் நினைத்தாலும் குறைக்க முடியாதது, குறைக்கக்கூடியது. சராசரிச் செலவு 53,000. அதில் வாடகை, கடன் தவணை, மின்சாரம், இணையம் போன்றவை 34,000. மீதி 19,000 உங்கள் கையில் இருப்பது. ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கம் எதற்குப் போனது என்று மூளையைக் கசக்காதீர்கள், முழுவதையும் இந்த இரண்டாவது வகையில் போடுங்கள்.

15,000 சேமித்து, வருடச் செலவுக்கும் 3,000 ஒதுக்க வேண்டுமானால் மாதம் 18,000 மிஞ்ச வேண்டும். இப்போது மிஞ்சுவது 9,000. இன்னும் 9,000-ஐ அந்த 19,000-இலிருந்துதான் வெட்ட வேண்டும், அதாவது கிட்டத்தட்ட பாதி. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யலாம். அடுத்த மாதமே கார்டு பாக்கி ஏறும், பார்த்தால் தெரியும். என் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு நிற்கும், பாதி வெட்டு நிற்பதில்லை. எனவே உங்களுக்கு ஒழுங்கு குறைவில்லை, இலக்குதான் அதிகம்.

இப்போதைக்கு 8,000 வையுங்கள். இருக்கும் 6,000, கூடவே கைச்செலவில் குறைக்கும் சுமார் 2,000. வருடச் செலவுக்கான 3,000 சம்பளத்தன்றே வேறொரு கணக்குக்குப் போகட்டும். அதைச் சேமிப்போடு கலந்தால் பிரீமியம் கட்டும் மாதத்தில் மறுபடியும் "திரும்ப எடுத்துவிட்டேன்" என்றுதான் தெரியும். மூன்றாம் மாதத்தைப் போல ஒரு மாதம் வந்தால் 11,000 ஒதுக்குவது இடிக்கும். அப்போது சேமிப்பைத் தொடாமல் முதன்மைக் கணக்கில் இருக்கும் 31,600-இலிருந்து சமாளியுங்கள். அதிலிருந்து முதலில் கார்டு பாக்கி 14,600-ஐக் கட்டிவிடுங்கள், மிச்சம் 17,000 அப்படியே தாங்கலாக நிற்கட்டும்.

இன்னொன்று. அந்த 34,000-க்குள் 6,500 ஒரு கடன் தவணை. அது எப்போது முடிகிறது என்று ஸ்டேட்மென்ட்டில் இருக்காது, கடன் கொடுத்தவர்களின் தவணை அட்டவணையில் இருக்கும். ஏழு தவணைதான் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது மாதம் அந்த 6,500 அப்படியே சேமிப்புக் கணக்குக்குத் திரும்பினால் 14,500 ஆகிவிடும், கைச்செலவில் மேற்கொண்டு கை வைக்க வேண்டியதில்லை. கடைசித் தவணை போகும் தேதியை இன்றே குறித்து, அதற்கு அடுத்த மாதத்திலிருந்து தானாக மாறும்படி பேங்கில் உத்தரவு கொடுத்து வையுங்கள்.