3.8% வட்டி, 5% வட்டியை விடக் குறைவா?

*வணக்கம் ஐயா. ஈசூனில் 4 அறை வீவக வீட்டில் இருக்கிறோம். புதுப்பிப்புக் கடனில் இன்னும் 20,000 வெள்ளி பாக்கி, 4 வருடம் இருக்கிறது. வட்டி 5%, மாதம் 460 வெள்ளி கட்டுகிறேன். இன்னொரு வங்கி 3.8 சதவீதத்தில் 5 வருடத்துக்குத் தனிநபர் கடன் தருகிறது. அதை வாங்கிப் பழைய கடனை அடைத்தால் மாதம் 397 வெள்ளிதான் வரும் என்கிறார் முகவர். என் மச்சான் ஊரில் வீடு கட்டுகிறார், "அப்படியே 10,000 சேர்த்து எடுங்கள் மாமா" என்கிறார். எடுக்கலாமா?*

வேண்டாம், எடுக்காதீர்கள். மச்சானுடைய பத்தாயிரம் இல்லாமலேயே இது நஷ்டம்.

முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "5 வருடம் வேண்டாம், இப்போது எனக்கு மிச்சம் இருக்கும் அதே 48 மாதத்துக்குத் தவணை எவ்வளவு?" 20,000 வெள்ளிக்கு 3.8% என்றால் வருடம் 760, நான்கு வருடத்துக்கு 3,040. மொத்தம் 23,040 வெள்ளியை 48-ஆல் வகுத்தால் மாதம் 480. நீங்கள் இப்போது கட்டுவது 460. வட்டி உண்மையிலேயே குறைவாக இருந்தால் தவணை எப்படிக் கூடும்?

காரணம், இரண்டு சதவீதமும் ஒரே தொகையின் மேல் போடப்படுவதில்லை. உங்கள் பழைய கடன் 'மன்த்லி ரெஸ்ட்' முறை. ஒவ்வொரு தவணைக்கும் அசல் குறையும், அடுத்த மாதம் குறைந்த பாக்கிக்கு மட்டும் வட்டி. புதிய கடன் 'பிளாட்' வட்டி. நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும், கடைசி மாதம் வரை முழு 20,000-க்கும் வட்டி போடுகிறார்கள். கடன் காலம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது பாதியை விடக் கொஞ்சம் அதிகமான தொகைதான். அதனால்தான் பிளாட் 3.8% என்பது, குறையும் பாக்கி முறையில் சொன்னால் சுமார் 7.1% ஆகிறது. ஆக நீங்கள் 5% கடனை அடைக்க 7% கடன் வாங்கப் பார்க்கிறீர்கள்.

மாதம் 63 வெள்ளி மிச்சம் என்பது கூடுதலாக ஒரு வருடம் கட்டுவதால் வருவது. பழைய கடனில் இனி நீங்கள் கட்டப்போகும் வட்டி சுமார் 2,100. புதியதில் 3,800.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். இந்த வகைக் கடனில் பல வங்கிகள் செயலாக்கக் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளும். 2% என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 19,600, தவணையும் வட்டியும் 20,000-க்கு. உண்மை வட்டி 8 சதவீதத்தை நெருங்கிவிடும். எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=RATE(60,-396.67,19600)*12
```

வரிசையாக மாதங்கள், தவணை, கையில் வந்த பணம். விடை 0.079 என்று வரும், அதாவது 7.9%. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 3.8 சதவீதத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் 'ஈஐஆர்', அதாவது உண்மை வட்டி விகிதம், என்று ஓர் எண் இருக்கும், அது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு கடனை இன்னொன்றுடன் ஒப்பிட அந்த எண்ணை மட்டும் பாருங்கள். முகவர் அதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பழைய கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று உங்கள் ஒப்பந்தத்திலும் பாருங்கள். இருந்தால் நஷ்டம் இன்னும் கூடும்.

460 வெள்ளி உண்மையிலேயே கழுத்தை நெரிக்கிறது என்றால், முதலில் உங்கள் வங்கியிடமே காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். அதே 5 சதவீதத்தில் 60 மாதம் என்றால் தவணை சுமார் 377 வெள்ளி, முகவர் சொன்னதை விட 20 வெள்ளி குறைவு. புதுப்பிப்புக் கடனுக்குப் பொதுவாக 5 வருடம்தான் உச்சம், ஏற்கெனவே ஓடிய காலத்தைக் காட்டி மறுக்கலாம். மறுத்தால் 460-ஐயே கட்டுங்கள். வேறு கடனுக்குத் தாவாதீர்கள்.

அப்புறம் மச்சான். தவணையை மட்டும் பார்த்து "இவ்வளவுதானே, தாங்கும்" என்று முடிவெடுக்கும் பழக்கம்தான் உங்களைச் சிக்க வைக்கிறது, அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்த 10,000 வெள்ளிக்கு மாதம் சுமார் 198 வெள்ளி, 5 வருடத்தில் 11,900. அவர் வீட்டுக்கு நீங்கள் இங்கே வட்டி கட்டுவீர்கள். திருப்பித் தருவதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. உதவ ஆசைப்பட்டால் சம்பளத்தில் மிஞ்சுவதில் மாதாமாதம் முடிந்ததை அனுப்புங்கள். கடன் எடுத்துத் தர முடியாது என்பதை மனைவியிடம் முதலில் பேசி, இருவரும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.