130 புள்ளி பிரீமியம்: இலவசப் பணமா, பணத்துக்கான வாடகையா?

"மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறேன். வங்கி எஃப்டியில் 6.5 சதவீத வட்டிக்கு 20 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். நிஃப்டி 25,000-ல் இருக்கும்போது, 28 நாளில் முடியும் ஃப்யூச்சர்ஸ் 25,130-க்குப் போகிறது. நிஃப்டி பங்குகளை மொத்தமாகத் தன்னுள் வைத்திருக்கும் ஃபண்டான நிஃப்டி இடிஎஃப்-ஐ வாங்கி, ஒரு லாட் ஃப்யூச்சர்ஸை விற்றுவிட்டால் சந்தை எங்கே போனாலும் 130 புள்ளி கைக்கு வரும் என்கிறார் தரகு அலுவலக நண்பர். எஃப்டியை உடைக்கலாமா?"

உடைக்க வேண்டாம். நண்பர் சொல்லும் கணக்கு தவறில்லை. ஆனால் அது பாதிக் கணக்குதான்.

ஒருவர் உங்களிடம், "நங்கநல்லூரில் உள்ள அந்த ஃப்ளாட்டை இன்று உங்கள் பணத்தில் வாங்கி வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து நான் வாங்கிக்கொள்கிறேன், விலையை இப்போதே பேசிக்கொள்வோம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன விலை சொல்வீர்கள்? இன்றைய விலையோடு உங்கள் பணத்துக்கு ஒரு மாத வட்டியைச் சேர்ப்பீர்கள். அந்த மாதம் குடியிருப்பவர் தரும் வாடகை உங்கள் கைக்கு வருவதால் அதைக் கழித்துக்கொள்வீர்கள். வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. குறியீட்டு ஃப்யூச்சர்ஸும் பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்தான்; அதன் நியாய விலையும் இப்படித்தான் அமைகிறது. வாடகையின் இடத்தில் டிவிடெண்ட் இருக்கிறது, அவ்வளவுதான்.

```
F = S × (1 + r × t/365) − D
```

S இன்றைய நிஃப்டி, r ஆண்டு வட்டி, t மீதமுள்ள நாட்கள். D என்பது அந்த நாட்களுக்குள் நிஃப்டி நிறுவனங்கள் தரவிருக்கும் டிவிடெண்டின் புள்ளி மதிப்பு. உங்கள் எண்களைப் போட்டால், 25,000-க்கு 6.5 சதவீதத்தில் 28 நாள் வட்டி ஏறத்தாழ 125 புள்ளி. டிவிடெண்ட் 20 புள்ளி என்று கொண்டால் நியாய விலை 25,105. ஆக 130 புள்ளியில் 105 புள்ளி, உங்கள் பணத்துக்கு எஃப்டியிலேயே கிடைத்திருக்கும் கூலி. ஆர்பிட்ரேஜ், அதாவது இரு சந்தைகளின் விலை வித்தியாசத்தில் கிடைக்கும் லாபம் என்று சொல்லத் தகுந்தது மீதமுள்ள 25 புள்ளி மட்டுமே. ஒரு லாட் 65 யூனிட் என்பதால் அது 1,625 ரூபாய்.

"பிரீமியம் இருக்கிறதே, சந்தை ஏறும் என்றுதானே அர்த்தம்?" என்று பலரும் கேட்பதுண்டு. பெரும்பகுதி வட்டிதான் என்பது இப்போது தெரிந்திருக்கும். டிவிடெண்ட் குவியும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் பிரீமியம் சுருங்குவதைக் கண்டு பயப்படுவதும் அதே போன்ற தவறுதான்.

இப்போது அந்த 1,625 ரூபாய்க்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 16.25 லட்சம் ரூபாய்க்கு இடிஎஃப் வாங்குகிறீர்கள். ஃப்யூச்சர்ஸ் விற்க மார்ஜின் எனப்படும் பிணைத் தொகை சுமார் 2 லட்சம் வேண்டும். அது போதாது. ஃப்யூச்சர்ஸ் லாப நஷ்டம் தினமும் ரொக்கமாகத் தீர்க்கப்படுகிறது. இடிஎஃப் லாபமோ விற்கும்வரை காகிதத்திலேயே இருக்கும். நிஃப்டி 1,000 புள்ளி ஏறினால் மொத்தக் கணக்கில் உங்களுக்கு நஷ்டமில்லை, ஆனால் 65,000 ரூபாய் ரொக்கம் கணக்கிலிருந்து போய்விடும். அதைக் கட்ட முடியாமல் தரகர் பாதியில் நிலையை மூடிவிட்டால், கையில் இருப்பது ஆர்பிட்ரேஜ் அல்ல, வெறும் இடிஎஃப். அதனால் மேலும் ஒன்றேகால் லட்சம் ஒதுக்க வேண்டும். இப்படி முடங்கும் 3.25 லட்சத்துக்கு 28 நாள் எஃப்டி வட்டி ஏறத்தாழ 1,620 ரூபாய். உங்கள் உபரி இங்கேயே தீர்ந்துவிட்டது. மார்ஜினுக்கு இடிஎஃப்-ஐ அடகு வைத்து இதைக் குறைக்கலாம். ஆனால் மார்ஜினில் பாதியை ரொக்கமாகவோ அதற்கு இணையாகவோ காட்ட வேண்டும், தினசரித் தீர்வுக்கும் ரொக்கம்தான் வேண்டும்.

அடுத்து பங்குப் பரிவர்த்தனை வரி. 25,000-ல் 0.01 சதவீதம் என்பது இரண்டரைப் புள்ளி; இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும். ஃப்யூச்சர்ஸ் விற்பனைக்கு 2026 பட்ஜெட் அறிவித்த விகிதம் 0.05 சதவீதம், அதாவது பன்னிரண்டரைப் புள்ளி. இடிஎஃப்-க்குப் பதிலாக ஐம்பது பங்குகளையும் தனித்தனியே வாங்கினால் வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 என்று 50 புள்ளி போய்விடும். நண்பர் இடிஎஃப்-ஐச் சொன்னதில் விவரம் தெரிந்தவர்தான். அதற்கு விற்பனை வரி 0.001 சதவீதமே. ஆனால் இடிஎஃப் விலை அதன் உள்மதிப்பிலிருந்து சற்று விலகி இருக்கும். வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாகவும் விற்கும்போது கொஞ்சம் குறைவாகவும் அமைந்தால் 10 புள்ளி தெரியாமலே கரையும். முடிவு நாளிலும் கவனம் வேண்டும். ஃப்யூச்சர்ஸ் தீர்வது நிஃப்டியின் இறுதி மதிப்பில். அது கடைசி அரைமணி நேரச் சராசரி விலைகளிலிருந்து கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. மூன்று மணிக்கு முன்பே மொத்தமாக விற்றுவிட்டால், இடிஎஃப், ஃப்யூச்சர்ஸ் என்ற இரண்டு கால்களும் ஒரே விலையில் முடியாது. அந்த அரைமணியில் துண்டு துண்டாக விற்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்தால் உங்களைப் போன்றவருக்கு நியாய விலை என்பது ஒரு புள்ளியல்ல, ஒரு பட்டை. 25,105-க்கு மேல் இன்னும் 50 புள்ளியாவது இருந்தால்தான் எஃப்டியைத் தாண்டுவீர்கள். கீழ்ப்பக்கம் பட்டை இன்னும் அகலம். ஃப்யூச்சர்ஸ் மலிவாக இருந்தால் பங்குகளை விற்று ஃப்யூச்சர்ஸை வாங்க வேண்டும். கையில் இல்லாத பங்கை டெலிவரிக்கு விற்க, அதைக் கடனாக வாங்க வேண்டும். அந்தச் சந்தை இங்கே மெல்லியது. அதனால் தள்ளுபடி நாட்கணக்கில் நீடிக்கக்கூடும்.

நண்பர் சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் வருமான வரி. என்னைக் கேட்டால், இதுவே இந்தத் திட்டத்தைக் கொல்கிறது. ஃப்யூச்சர்ஸ் லாபம் வணிக வருமானம். இடிஎஃப் லாபம் மூலதன ஆதாயம். நிஃப்டி 24,000-க்கு இறங்கி முடிகிறது என்று வையுங்கள். ஃப்யூச்சர்ஸில் 1,130 புள்ளி, அதாவது 73,450 ரூபாய் லாபம். இடிஎஃப்-ல் டிவிடெண்ட் போக 980 புள்ளி, 63,700 ரூபாய் நஷ்டம். நிகர லாபம் 9,750. ஆனால் குறுகிய கால மூலதன நஷ்டத்தை வணிக வருமானத்தோடு ஈடுகட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் 73,450-க்கும் வரி 22,035 ரூபாய். 9,750 சம்பாதித்து, 22,035 வரி கட்டுகிறீர்கள்! அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். வேறு மூலதன ஆதாயம் இருந்தால்தான் அதற்குப் பயன். நிஃப்டி ஏறினால் நிலைமை இத்தனை மோசமில்லை, ஃப்யூச்சர்ஸ் நஷ்டத்தை மூலதன ஆதாயத்தோடு ஈடுகட்ட முடியும். எந்தத் திசையானாலும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கப்படும் திட்டம், வரிக்குப் பிறகு நிஃப்டி இறங்கக் கூடாது என்ற பந்தயமாக மாறிவிடுகிறது.

ஆர்பிட்ரேஜ் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு கால்களின் லாப நஷ்டமும் ஃபண்டுக்குள்ளேயே கழிந்துகொள்கின்றன. ஃபண்டுக்கு வரி இல்லை, நீங்கள் யூனிட்டை விற்கும்போது பங்கு ஃபண்டுக்கான வரி மட்டுமே. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம், அதன் பிறகு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். எஃப்டி வட்டிக்கு 30 சதவீதம் கட்டுபவர் என்றால், முதிர்வு வந்ததும் ஒரு பகுதியை அங்கே மாற்றலாமா என்று யோசிக்கலாம். சில வாரங்களுக்குள் வெளியேறினால் பல ஃபண்டுகள் வெளியேறும் கட்டணம் பிடிக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.