எட்டாம் வகுப்புப் பையன்களுக்கும் பொருந்தும் சுருதி

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. ஆண்டு விழாவுக்குச் சேர்ந்திசை என்னிடம் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 38 பேர், 22 பெண்கள், 16 பையன்கள். யாரும் முறையாகப் பாட்டு கற்றதில்லை. ஆறு வாரம், வாரம் இரண்டு பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம். ஒரு ஹார்மோனியம் இருக்கிறது. பெரிய பையன்கள் சுருதி சேராமல் இழுக்கிறார்கள். எந்த மாதிரிப் பாட்டுகளை எடுப்பது?

பதில்: பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் தள்ளி வையுங்கள் டீச்சர். முதலில் உங்கள் 38 குரல்களும் எதுவரை ஏறும், எதுவரை இறங்கும் என்று பாருங்கள். அதற்குள் அடங்குகிற பாட்டுதான் உங்களுக்கான பாட்டு.

இதைத் தொடங்க நல்ல இடம் காலை வழிபாடு. தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து போங்கள். எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு என்பதால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள். மெட்டு மேலே ஏறும் இடத்தில் சில பையன்களின் வாய் மட்டும் அசையும், சிலர் சட்டென்று ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம், கீழே குதிப்பார்கள். அவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மதிய இடைவேளையில் ஆளுக்கு ஒரு நிமிடம். ஹார்மோனியத்தில் இரண்டு கட்டையில், அதாவது மேற்கத்திய முறையில் D என்று சொல்லும் கட்டையில், ச என்னும் சட்ஜத்தைப் பிடித்து, அங்கிருந்து மேல் ச வரை ஏறச் சொல்லுங்கள். பிறகு கீழே ச நி த ப என்று இறங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று விதமாக வருவார்கள். பெண்களும் சின்னப் பையன்களும் கீழ் ப முதல் மேல் ச வரை சிரமமில்லாமல் பாடுவார்கள். குரல் முழுக்க உடைந்த பையன்கள் அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். நடுவில் சிலர் இருப்பார்கள், உங்கள் குழுவில் நான்கைந்து பேர் இருக்கலாம். இவர்களுக்குக் கீழ் பஞ்சமத்திலிருந்து மத்திமம் வரை, அதாவது கீழ் ப முதல் ம வரைதான் குரல் நிற்கும். மேலே போனால் பிசிறும், ஒரு ஸ்தாயி கீழே போனால் சத்தமே வராது.

நீங்கள் ‘இழுக்கிறார்கள்’ என்று சொல்லும் பையன்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது கூட்டம்தான். காது சரியாகத்தான் இருக்கும், குரல்வளை வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு பையனை ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்லிவிட்டேன். அவன் அடுத்த வகுப்புக்கு வரவில்லை. தயவுசெய்து யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

சுருதியை ஏன் இரண்டு கட்டையில் வைக்கச் சொல்கிறேன்? பாட்டு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் இருந்தால், அவளுக்கு வசதியான ஐந்து கட்டையில் எல்லாரையும் பாட வைப்பதுதான் பள்ளிகளில் வழக்கம். குரல் உடைந்த பையனுக்கு ஐந்து கட்டையில் இடமே கிடையாது. அந்த சட்ஜத்திலிருந்து மேலே போனால் கத்த வேண்டும், ஒரு ஸ்தாயி இறக்கினால் முணுமுணுப்பு. இரண்டு கட்டையில் ச முதல் மேல் ச வரை பெண்கள் தங்கள் ஸ்தாயியிலும் பையன்கள் கீழ் ஸ்தாயியிலும் பாடலாம், இருவருக்கும் எட்டும். மேல் ச கொஞ்சம் இறுகினால் ஒன்றரைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கீழே போகவேண்டாம், சின்னப் பிள்ளைகளின் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடும்.

இனி பாட்டு. மெட்டு ஆறேழு ஸ்வரங்களுக்குள் இருக்கட்டும், மேல் சவைத் தொட்டால் ஓரிரு இடத்தில் மட்டும். மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வரங்களில் ‘சியாமளே மீனாட்சி’ நல்ல அளவுகோல். முழுப் பாட்டும் ச முதல் த வரை ஆறே ஸ்வரம், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகமும் இல்லை. கமகம் நிறைந்த கீர்த்தனையை ஒருவர் பாடினால் அழகு, 38 பேர் பாடினால் ஆளுக்கொரு அசைவு, கேட்பவருக்குக் கலங்கிய ஒலிதான் வரும். சினிமாப் பாட்டில் சிக்கல் வேறு. பல்லவி எளிதாக இருக்கும், அதை நம்பி எடுப்போம். சரணத்தில் மெட்டு எங்கோ மேலே போய்விடும். எடுக்கும் முன் பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். பிள்ளைகளின் மோவாய் மேலே தூக்கினால், தோள் ஏறினால், அந்தப் பாட்டு வேண்டாம்.

ராகத்தில் மோகனம் உங்களுக்குக் கைகொடுக்கும். தமிழ்த்தாய் வாழ்த்தும் மோகனம்தான், தினமும் பாடிக் காதில் ஊறியிருக்கிறது. அதில் அரைச்சுர இடைவெளியே கிடையாது. அதனால் ஒரு கூட்டம் பாட்டைப் பாட, இன்னொரு கூட்டம் வேறு ஸ்வரத்தைப் பிடித்து நின்றாலும் காதில் அவ்வளவாக உரசாது. நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து பையன்களுக்கு வேலை இங்கேதான். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘ஆ’ என்று சட்ஜத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், பழகியபின் கீழ் பஞ்சமத்தையும். குழுவுக்கு அவர்கள்தான் தம்புரா.

நேரக் கணக்குக்கு வருவோம். 12 பீரியட் என்பது காகிதத்தில்தான். கடைசி இரண்டும் மேடைக்கும் மைக்குக்கும் போகும். மீதி பத்தில், வந்து உட்கார்ந்து அடங்குவதற்குப் பத்து நிமிடம் கழித்தால், கையில் 300 நிமிடம். நாலு வரிச் சரணம் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க 15 நிமிடம் ஆகும். அடுத்த வகுப்பில் பாதி மறந்து வருவார்கள், அதே அளவு நேரம் மறுபடியும் போகும். மீதியெல்லாம் சேர்த்துப் பாடிப் பழகத்தான். ஆகவே மொத்தம் ஐந்தாறு சரணத்துக்கு மேல் தாங்காது. இரண்டு பாட்டு போதும்.

என் தேர்வு இதுதான். முதல் பாட்டு, மோகனத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாடும் ஒரு பாரதியார் பாட்டு. பல்லவியோடு இரண்டு சரணம் மட்டும், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வரவேண்டும். இரண்டாவது, ஓடப்பாட்டு போல முன்பாட்டும் பின்பாட்டும் உள்ள நாட்டுப்புறப் பாட்டு. ஆறு பெண்கள் முன்வரி எடுக்கட்டும், மொத்தக் குழுவும் ‘ஏலேலோ ஐலசா’ என்று திருப்பிக் கொடுக்கட்டும். புதிய வரிகளை ஆறு பேர் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், 32 பேருக்குப் பின்பாட்டு ஒரே நாளில் வந்துவிடும். ‘ஐலசா’வைப் பெரிய பையன்கள் கீழ் ஸ்தாயி சட்ஜத்தில் சொல்லும்போது அரங்கமே நிமிர்ந்து உட்காரும். முதல் பாட்டில் ஒதுங்கி நின்ற பையன்களின் முகத்தை அப்போது பாருங்கள்.

இரண்டு மூன்று குரலில் தனித்தனி மெட்டு பாடும் சேர்ந்திசை இந்த வருடம் வேண்டாம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவுக்கு அமைத்தவற்றைப் பிள்ளைகளுக்குக் கேட்கப் போட்டுக் காட்டுங்கள், ஆசை வரட்டும். அவை நீண்ட பயிற்சி கேட்பவை.

மூன்றாவது வாரக் கடைசியில் ஹார்மோனியம் இல்லாமல் முதல் பாட்டைப் பாடச் சொல்லி, முடிந்ததும் சட்ஜத்தை அழுத்திப் பாருங்கள். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தால் கவலையில்லை, மேடையில் ஹார்மோனியம் பிடித்து நிறுத்திவிடும். ஒரு முழு ஸ்வரம் இறங்கியிருந்தால் மெட்டு அவர்களுக்கு உயரம் என்று அர்த்தம். அரைக் கட்டை குறைத்து மறுபடி பாட வையுங்கள். அப்போதும் இறங்கினால் இரண்டாவது சரணத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தைப் பல்லவிக்குக் கொடுங்கள்.