வரவு இடாப்புக்கும் காசுப் பெட்டிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை

"யாழ்ப்பாணத்தில் எங்கள் மாதர் குழுவில் 12 பேர். கிழமைக்கு 100 ரூபா சேமிப்பு. கொப்பியில் எல்லாம் சரி, ஆனால் பெட்டியில் காசு குறைகிறது. எங்கே பிழை?"

தங்கச்சி, பெயர் கூப்பிட்டு வரவு போடும்போதே 100 ரூபாவையும் சேர்த்து எழுதுகிறீர்களா? பெரும்பாலும் பிழை அங்கேதான். வந்தவர் எல்லாரும் கட்டுவதில்லை, வராதவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தும் விடுவார். வரவை முதலில் போடுங்கள். காசு கைக்கு வந்த பிறகு மட்டும் தொகையை எழுதுங்கள். கொடுத்துவிட்டவருக்கு 'வரவில்லை' என்றே போட்டு, கொண்டுவந்தவர் பெயரைக் குறியுங்கள்.

ஒரு கிழமையைப் பார்ப்போம். 9 பேர் வந்தார்கள், 2 பேர் கொடுத்துவிட்டார்கள், ஒருவர் இரண்டும் இல்லை. வந்த 9 பேரும் கட்டினால், கொடுத்துவிட்ட 2 பேருடையதும் சேர்த்துச் சேமிப்பு 1,100. ஒருவர் கடனுக்கு 560 கட்டினார். பெட்டியில் முன்பு 840 இருந்தது. புதிதாகக் கடன் கொடுக்கவில்லை என்றால் இப்போது 2,500 இருக்க வேண்டும். 2,400 இருந்தால், காசு வராமல் யாருக்கோ சேமிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

அந்த 560-ஐ ஒரே நிரலில் எழுத வேண்டாம். மிச்சக் கடன் 6,000, மாத வட்டி நூற்றுக்கு 1 என்றால் 60 வட்டி, 500தான் முதல். மிச்சம் 5,500. 560 முழுவதையும் கடன் முதலிலிருந்து கழித்தால் மிச்சம் 5,440 என்று வரும், குழுவுக்கு 60 நட்டம். இந்தப் பிழையைப் பெட்டியை எண்ணிக் கண்டுபிடிக்கவே முடியாது, காசு சரியாக இருக்கும்! உறுப்பினரின் பாஸ்புத்தகத்திலும் அதே இடத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எல்லாரும் எழும்பிப் போவதற்கு முன்னரே பெட்டியை எண்ணுங்கள்.