பரு மாத்திரையும் ட்ரைகிளிசரைடும்

கேள்வி: முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் ஆரம்பித்து ஒரு மாதம். ட்ரைகிளிசரைடு 110-லிருந்து 290 ஆகிவிட்டது. எண்ணெய்ப் பலகாரம் தொடுவதே இல்லை. மாத்திரைதான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். இது வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்து. கல்லீரல் ரத்தத்துக்குள் அனுப்பும் கொழுப்பு கூடுகிறது, அதை அகற்றும் வேகமும் குறைகிறது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஏறும். உடம்பில் ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் மாத்திரைக்கு முன்னும், தொடங்கிய ஒன்றிரண்டு மாதத்திலும் பார்க்கச் சொல்கிறார்கள்.

சரி, சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தீர்களா? அப்படியானால் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு மறுபடி பாருங்கள். முந்தின நாள் மது குடித்திருந்தாலும் எண் ஏறும். அப்புறமும் 290 என்றால், பொதுவாக மாத்திரையைத் தொடர்ந்தபடியே இனிப்பு, வெள்ளைச் சாதம், மதுவைக் குறைத்துக் கண்காணிப்பார்கள். தேவைப்பட்டால் டோஸைக் குறைப்பார்கள். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயம் வரும். மேல்வயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்து முடிந்த சில வாரங்களில் அளவு பழையபடி இறங்கிவிடும். ஸ்டீராய்டோ, அடெனோலால் போன்ற பிரஷர் மாத்திரையோ சேர்ந்து எடுத்தால் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவையும் ஏற்றிவிடக்கூடியவை.