குட்வில் தேய்மானம்: வரிக்கணக்கில் கழியாது

“பிசினஸ் வாங்கினதுல குட்வில் 40 லட்சம், டிரேட்மார்க் 20 லட்சம். குட்வில்லுக்கு புக்ஸ்ல வருஷம் 8 லட்சம் எழுதுறோம். ஐடி ரிட்டர்ன்லயும் கழிக்கலாமா?”

கழிக்க முடியாது. அந்த 8 லட்சத்தை லாபத்தோடு திரும்பக் கூட்டுங்க. டிரேட்மார்க்குக்கு மட்டும் குறையும் மதிப்பில் 25%, அதாவது முதல் வருஷம் 5 லட்சம் கழியும். அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான்.

2012-ல் உச்ச நீதிமன்றம் ஸ்மிஃப்ஸ் செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் வழக்கில் குட்வில்லுக்கும் தேய்மானம் உண்டு என்றது. 2021 நிதிச் சட்டம் அதை நிறுத்தியது. தொழில் நன்றாக நடந்தால் குட்வில் மதிப்பு ஏறவும் கூடும் என்பது அரசின் வாதம். கணக்கியலோ போட்ட முதலைப் பல வருஷ லாபத்தோடு பொருத்திப் பார்க்கிறது.

வரித் தணிக்கை அறிக்கையான 3CD-யில் தேய்மான அட்டவணையைப் பாருங்க. 25% தொகுப்பில் 60 லட்சம் இருந்தால் குட்வில்லும் கலந்துவிட்டது.

குட்வில்லுக்குக் கழிவு இல்லை என்பதற்காக டிரேட்மார்க் மதிப்பை ஏற்றிக் காட்டாதீங்க. மதிப்பீட்டு அறிக்கை வலுவாக இல்லையென்றால் அதிகாரி விலையைத் திருத்தலாம். குட்வில்லுக்குக் கொடுத்த 40 லட்சம் வீணாகாது, பின்னால் விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அடக்கவிலையாகக் கழியும்.