வாசகர் கேள்விகள்: நடக்கும் ஸ்பிரைட் ஏன் சறுக்குகிறது?

எனக்கு ஓவியமே வராது. கேமில் நடக்கும் பாத்திரத்தின் சிறு படத்தை, அதாவது ஸ்பிரைட்டை, 64×64 பிக்சல் அளவில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், 32×32 போதும். 64-க்குப் போனால் பிக்சல்கள் நான்கு மடங்காகும். ஒரு திருத்தம் வந்தால் எல்லா ஃபிரேமிலும் அத்தனையையும் தொட வேண்டும். முதலில் குச்சி உருவத்தை நடக்க வையுங்கள். நிறம் கடைசியில்தான்.

ஸ்பிரைட் வரைய ஏஸ்பிரைட் மென்பொருளை வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. லிப்ரேஸ்பிரைட் இலவசம், முந்தைய ஃபிரேமை மங்கலாகப் பின்னால் காட்டும் ஆனியன் ஸ்கின் அதிலும் உண்டு.

எட்டு ஃபிரேம் வரைந்தேன், தனியாக ஓடவிட்டால் அருமை. கேமில் போட்டால் கால் சறுக்குகிறது. இன்னும் ஃபிரேம் சேர்க்கவா?

சேர்க்காதீர்கள். இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. எல்லோரும் ஜிஃப் அனுப்புகிறார்கள், கேமில் பாத்திரம் எந்த வேகத்தில் நகர்கிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அது தெரியாமல் நான் என்ன சொல்ல?

தரையில் ஊன்றிய பாதம் திரையில் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஸ்பிரைட்டுக்குள் பார்த்தால், உடல் முன்னே போகும் அதே அளவு அந்தப் பாதம் பின்னே வர வேண்டும். முதல் ஃபிரேமில் முன்கால் இடுப்புக்கு 4 பிக்சல் முன்னால் ஊன்றுகிறது என்று வையுங்கள். அடுத்த ஃபிரேம்களில் அது 2, 0, -2, -4 என்று சீராகப் பின்வாங்க வேண்டும். ஐந்தாவதில் மறுகால் ஊன்றிவிடும். பிறகு வரும் மூன்று ஃபிரேம்களில் இந்தக் கால் தூக்கிய நிலையில் முன்னே வரும். அங்கே சீராக இருக்க வேண்டியதில்லை. பலர் ஊன்றிய காலை 4, 3, -1, -2, -4 என்று கண்மதிப்பில் வைப்பதால், வேகம் சரியாக இருந்தாலும் சறுக்கும்.

இப்போது வேகம். ஃபிரேமுக்கு 2 பிக்சல், ஃபிரேமுக்கு 100 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 20 பிக்சல். கேமில் 60 என்று போட்டிருந்தால் சறுக்காமல் எப்படி இருக்கும்? அந்த வேகம்தான் வேண்டுமென்றால் ஃபிரேமுக்கு 3 பிக்சலாக அடியை நீட்டி, நேரத்தை 50 மில்லிசெகண்டாகக் குறையுங்கள். பாதத்தின் நுனிப் பிக்சலுக்கு மட்டும் பளிச்சென்று ஒரு சிவப்பு வைத்து ஓடவிட்டால் எந்த ஃபிரேமில் தவறு என்று உடனே தெரியும். இதையெல்லாம் குச்சி உருவத்திலேயே பார்த்துவிடுங்கள். நிறம் கடைசியில்தான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நடக்கும்போது தலை எவ்வளவு ஏறி இறங்க வேண்டும்?

32 உயரத்துக்கு ஒரே பிக்சல். கால் ஊன்றியதும் வரும் ஃபிரேமில், அதாவது 2-லும் 6-லும், இறக்குங்கள். தலையோடு தோளும் சேர்ந்து இறங்கட்டும், இல்லாவிட்டால் கழுத்து நீண்டு சுருங்கும்.

இடது கால் எது, வலது கால் எது என்றே தெரியவில்லை.

தூரத்துக் காலையும் கையையும் ஒரு படி இருட்டான நிறத்தில் போடுங்கள்.

படம் மங்கலாக வருகிறது, ஏன்?

எத்தனை மடங்கு பெரிதாக்கினீர்கள், எந்த வடிவில் சேமித்தீர்கள் என்று எழுதவே இல்லை. பிஎன்ஜி-யில் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். 2, 3, 4 என்று முழு மடங்கில் மட்டும், பக்கத்து நிறங்களைக் கலக்காத நியரெஸ்ட் நெய்பர் முறையில் பெரிதாக்குங்கள்.